‘சொல்லு’ இல்லாத ‘வாங்க’

தாத்தா வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். “தாத்தாவுக்கு வணக்கம் சொல்லு” என்கிறார் அம்மா. ஏழு வயதுப் பையன் தெளிவாகச் சொல்கிறான்: “வணக்கம் சொல்லு.”

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் வீடுகளில் இது பழகிப்போன காட்சி. கேட்டதைக் கேட்டபடியே திருப்பிச் சொல்வது இவர்களில் பலருடைய பேச்சு முறை. 1943-இல் லியோ கானர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே அது விரிவாகப் பதிவாகியிருக்கிறது. “வாடா கண்ணா” என்று அத்தை அழைத்தால், பதிலுக்கு அத்தையையும் “வாடா கண்ணா” என்பார்கள். கேலியோ மரியாதைக் குறைவோ இல்லை. காதில் விழுந்த சொல்தான் அந்த நேரத்தில் வாயில் நிற்கிறது.

சொல் தெரியாதது இங்கே பிரச்சினை அல்ல. அதை எது தொடங்கி வைக்க வேண்டும் என்பதே பிரச்சினை. மற்ற குழந்தைகளுக்குத் தெரிந்த முகத்தைப் பார்த்ததுமே வாய் திறக்கிறது. இந்தப் பையனுக்கோ அம்மாவின் ‘சொல்லு’தான் தொடக்கம். லண்டனில் பீட்டர் ஹாப்சனும் அந்தோணி லீயும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையே அளந்து பார்த்தது. ஆட்டிசம் உள்ள 24 பேரும், வயதிலும் மொழித்திறனிலும் அவர்களுக்கு இணையான 24 பேரும் அறிமுகமில்லாத ஒருவரைச் சந்திக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். தாமாக முன்வந்து வரவேற்றவர்களும், விடைபெறும்போது கையசைத்தவர்களும் முதல் குழுவில் குறைவாகவே இருந்தார்கள்.

ஆகவே வீட்டுப் பயிற்சியின் குறி ஒன்றே ஒன்று: தொடங்கி வைக்கும் வேலையை அம்மாவின் குரலிலிருந்து வாசலில் நிற்பவரின் முகத்துக்கு மாற்றுவது.

அதற்கு ஒரு வழியை அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள பிரின்ஸ்டன் குழந்தை வளர்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பட்ரிசியா கிராண்ட்ஸும் லின் மெக்லானஹனும் 1993-இல் காட்டினார்கள். நான்கு குழந்தைகளுக்குச் சக மாணவர்களிடம் பேச வேண்டிய வாக்கியங்களை எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் கடைசியிலிருந்து முன்னோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைத்தார்கள். தாள் வெறுமையான பிறகும் குழந்தைகள் பேசினார்கள். எழுதித் தராத வாக்கியங்களும் வந்தன. 1998-இல் இதே இருவர், படிக்கத் தொடங்கும் நிலையிலிருந்த சிறுவர்களுக்கு ‘பாருங்க’ என்பது போன்ற ஓரிரு சொற்களைக் கொண்டே இதைச் செய்து காட்டினார்கள். இரண்டுமே ஒரு சில குழந்தைகளை வைத்து நடந்தவை. எல்லாருக்கும் இதே வேகத்தில் பலிக்கும் என்று அவற்றிலிருந்து சொல்லிவிட முடியாது.

இதை நம் வாசலுக்குக் கொண்டுவருவோம். முதலில் ஒரே ஆள், ஒரே இடம், ஒரே வாக்கியம். ‘வணக்கம்’ மேடைக்கும் பள்ளிக்கும் பொருந்தும். வீட்டுக்கு வரும் தாத்தாவிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எனவே ‘வாங்க தாத்தா’ போதும். அதைக் கொட்டை எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கதவில், பையனின் கண் உயரத்தில் ஒட்டுங்கள்.

பயிற்சிக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். தாத்தா வெளியே போய் மணியை அடிக்கிறார். கதவு திறந்ததும் ஒன்றும் பேசாமல் சிரித்த முகத்தோடு நிற்கிறார். அவர் முதலில் பேசினால் பையன் அதைத்தான் திருப்பிச் சொல்வான். அம்மா பையனுக்குப் பின்னால் நின்று, அவன் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறார்: “வாங்க தாத்தா.” ‘சொல்லு’ இல்லை, அவன் பெயரும் இல்லை. அவன் சொன்ன நொடியே தாத்தா “வந்துட்டேன்டா!” என்று அவனுக்குப் பிடித்த எதையாவது செய்கிறார். தூக்கிச் சுற்றுவதாக இருக்கலாம், பையிலிருந்து ஒரு கார் பொம்மையை எடுத்து நீட்டுவதாக இருக்கலாம். பிறகு மீண்டும் வெளியே போய் மணியடிக்கிறார். நிஜ வாழ்க்கையில் தாத்தா ஒரு நாளில் ஒரு முறைதான் வருவார். பழகுவதற்கு அது போதாது. ஐந்தாறு சுற்று, சில நிமிடம், அவ்வளவுதான். பையன் சலித்துக்கொண்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

தடங்கலில்லாமல் சொல்ல வந்ததும் அம்மா விலகத் தொடங்குகிறார். கதவு திறந்தபின் மனதுக்குள் மூன்று வரை எண்ணிக் காத்திருக்கிறார். வரவில்லை என்றால் “வாங்க தா…” என்று பாதியில் நிறுத்துகிறார். அடுத்து “வா…” மட்டும், பிறகு தோளில் ஒரு தொடுதல், கடைசியில் ஒன்றுமில்லை. அட்டையும் அப்படியே குறைகிறது: முதலில் ‘தாத்தா’ வெட்டப்படுகிறது, பிறகு ‘ங்க’, பிறகு வெற்று அட்டை, பிறகு வெறும் கதவு.

எங்கே தவறுகிறது என்பதைப் பையனின் தலையே காட்டிவிடும். கதவு திறந்ததும் அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தால், இன்னும் அம்மாதான் தொடக்கம். உதவியை வேகமாகக் குறைத்தால் அவன் வாயடைத்து நிற்பான். அப்போது ஒரு படி பின்னே போகலாம். காலண்டரில் தானாகச் சொன்ன நாளுக்கு ஒரு டிக், உதவியோடு சொன்ன நாளுக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும். இரண்டு வாரமாகப் புள்ளிகளே நிறைந்திருந்தால் வாக்கியம் அவனுக்குப் பெரியது என்று கொண்டு, ‘வாங்க’ மட்டும் வைத்துத் தொடங்க வேண்டும்.

சொல்ல வந்த பிறகு எதிர்த்திசையில் ஒரு சிக்கல் முளைக்கும். தாத்தா குளியலறையிலிருந்து வந்தாலும் ‘வாங்க தாத்தா’. லிஃப்டில் முன்பின் தெரியாதவருக்கும் ‘வாங்க தாத்தா’. ‘வரவேற்பது நல்ல பழக்கம்’ போன்ற அறிவுரை இங்கே உதவாது. கண்ணுக்குத் தெரியும் விதி வேண்டும். வீட்டுக்கு வழக்கமாக வருகிறவர்களின் புகைப்படங்களை ஒரு பலகையில் மாட்டிவைக்கலாம். வரவேற்றதும் பையனே அந்தப் படத்தைத் திருப்பி வைக்கிறான். திரும்பியிருந்தால் இன்று சொல்லியாகிவிட்டது. அடுத்த முறை சிரித்தாலோ கையசைத்தாலோ போதும். பலகையில் படமே இல்லாதவரை அவனாகப் போய் வரவேற்க வேண்டியதில்லை. இரவில் எல்லாப் படங்களும் மீண்டும் முன்பக்கம் திரும்பும்.

பிறகுதான் ஆளும் இடமும் மாறும்: அத்தைக்கு ‘வாங்க அத்தை’, எதிர்வீட்டு நண்பனுக்கு ‘ஹாய்’. ‘வாங்க’ நம் வீட்டு வாசலில் மட்டும் பொருந்தும். அத்தை வீட்டுக்கு இவன் போகும்போது ‘அத்தை, நான் வந்துட்டேன்’ என்பதைத் தனியாகப் பழக்க வேண்டும். ஒன்று தெரிந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

பேச்சு இல்லாத குழந்தைக்கும் இதே படிகள்தான். சொல்லுக்குப் பதில் கையசைப்போ, நீட்டும் பட அட்டையோ, குரல் வரும் ஒரு பொத்தானோ இருக்கும். பின்னால் நிற்பவர் சொல்லிக் கொடுப்பதற்குப் பதிலாக முழங்கையை மெல்ல உயர்த்துவார். கண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று எந்தக் குழந்தையையும் கட்டாயப்படுத்த வேண்டாம். நேருக்கு நேர் பார்ப்பது தங்களை வதைப்பதாக ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். வந்தவரின் பக்கம் உடல் திரும்பினாலே போதும்.

கல்யாணம், காதுகுத்து என்று போகும் முன் உறவினர்களிடம் மூன்று விஷயங்களைப் போனிலேயே சொல்லிவைக்கலாம்: அவன் முன்னால் வந்ததும் கொஞ்சம் காத்திருங்கள்; ‘யாரு வந்திருக்கா, சொல்லு பார்ப்போம்’ என்று சோதிக்காதீர்கள்; அவனாக நெருங்காமல் கன்னத்தைக் கிள்ளாதீர்கள். நாற்பது பேர் சூழும் மண்டபத்தில் ஒருவரிடமும் அவன் வாய் திறக்காமல் போகலாம். அந்த நாளுக்குக் காலண்டரில் டிக்கும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம்.