பில்டருக்குப் போகும் கடிதமும் பக்கெட் கணக்கும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறிய சில மாதங்களிலேயே இரண்டு புகார்கள் கிளம்பும். மேல்மாடி ஷவரில் தண்ணீர் நூலாக வழியும். கீழ்வீட்டுக் குளியலறையில் ஊற்றிய தண்ணீர் கணுக்கால் வரை நின்று மெல்ல இறங்கும். இரண்டும் பொதுக் குழாயின் குறையாக இருந்தால், சரிசெய்யும்படி பில்டரைக் கேட்டு குடியிருப்போர் சங்கம்தான் கடிதம் எழுத வேண்டும். “தண்ணீர் சரியாக வருவதில்லை” என்று மட்டும் எழுதினால், பில்டர் ஒரு பிளம்பரை அனுப்பி வால்வைத் திருகிவிட்டு ‘சரிசெய்தாயிற்று’ என்று பதில் அனுப்பிவிட முடியும். கடிதத்துக்குப் பலம் தருவது அளவு.

தரைத்தளமும் அதற்கு மேல் நான்கு மாடிகளும் உள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.1 கிலோ அழுத்தம் கிடைக்கும். தொட்டியின் அடிப்பகுதி மொட்டைமாடியிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், நான்காம் மாடி ஷவருக்கு மேலே உள்ள உயரம் இரண்டரை மீட்டர்தான். அழுத்தம் கால் கிலோ. தரைத்தளத்துக்கு அதைவிட 12 மீட்டர் கூடுதல் உயரம் இருப்பதால் ஒன்றரை கிலோவை நெருங்கும். மேல்மாடிக்காரர் சொல்வது மிகையல்ல.

சங்கம் செய்ய வேண்டிய சோதனை எளிது. முதலில் மொட்டைமாடியில் உள்ள வால்வுகள் முழுதும் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மாடியிலும் ஒரே மாதிரிக் குழாயில் 15 லிட்டர் பக்கெட் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிக்க வேண்டும். தரைத்தளத்தில் 75 விநாடியும் நான்காம் மாடியில் 3 நிமிடமும் ஆனால், நிமிடத்துக்கு 12 லிட்டர் எங்கே, 5 லிட்டர் எங்கே! இந்த அளவை இரண்டு வேளை எடுப்பதுதான் முக்கியம். மற்ற வீடுகளின் குழாய்கள் மூடியிருக்கும் நண்பகலிலும் மேல்மாடியில் குறைவாகவே வந்தால், குறை பெரும்பாலும் தொட்டியின் உயரத்தில். பிரஷர் பம்போ, மேல்மாடிக்குத் தனிக் குழாயோ வேண்டும். நண்பகலில் நன்றாக வந்து காலை ஏழு மணிக்கு மட்டும் நின்றுபோனால், பல வீடுகளுக்குப் பொதுவாக இறங்கும் குழாய் சிறியது. அதற்கு விட்டம் கூடிய குழாய் போட வேண்டும்.

கழிவுநீர் விஷயத்தில், அடைப்பு யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. ஒரு வீட்டில் மட்டும் தண்ணீர் தேங்கினால் அது பெரும்பாலும் அந்த வீட்டின் நானி டிராப்பில் சிக்கிய முடி. பில்டர் பொறுப்பேற்க மாட்டார். மூன்றாம் மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீரை விடும்போது தரைத்தள டிராப்பில் நுரை பொங்கினால், குறை பொதுக் குழாயில். தண்ணீர் இறங்கும்போது ‘களுக் களுக்’ என்று சத்தம் வந்து நாற்றமும் அடித்தால், காற்றுக்குழாய் இல்லை அல்லது அடைபட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். தரையடியில் சேம்பர் வரை போகும் நாலங்குலக் குழாய்க்குப் பொதுவாக நாற்பது அடிக்கு ஓரடி சரிவு தேவை. சேம்பர் மூடியைத் திறந்து, சுத்தம் செய்யும்போது சிமெண்ட் கட்டி வந்தால் உடனே படம் எடுத்து வைக்க வேண்டும். “குடியிருப்பவர்கள் நாப்கின் போட்டார்கள்” என்ற பதிலுக்கு அந்தப் படமே மறுமொழி.

இவ்வளவும் கையில் இருந்தால் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அதன் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

“நான்காம் மாடியின் நான்கு வீடுகளிலும் 15 லிட்டர் நிரம்ப 3 நிமிடம் ஆகிறது; அளவுப் பட்டியல் இணைப்பில் உள்ளது. கிழக்குப் பக்கப் பொதுக் கழிவுக் குழாயிலிருந்து சிமெண்ட் கட்டிகள் எடுக்கப்பட்டன; படங்கள் இணைப்பில் உள்ளன. தங்கள் பொறியாளர் சங்கப் பிரதிநிதியுடன் நேரில் பார்வையிட்டு, இவற்றைக் கட்டணமின்றி 30 நாள்களுக்குள் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

இந்த 30 நாள் சட்டத்திலேயே உள்ள கெடு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ வசதிகளிலோ குறையைச் சுட்டிக்காட்டினால், பில்டர் தன் செலவில் 30 நாள்களுக்குள் சரிசெய்ய வேண்டும். தவறினால் வீடு வாங்கியவர்களுக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு. குடியிருப்பவர் தாமே குளியலறையை உடைத்து மாற்றியதால் வந்த குறையை இதில் சேர்ப்பது கடினம். அத்தகைய வீடுகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதே நல்லது. ஒரு தவறான புகார் மற்ற நியாயமான புகார்களையும் கெடுத்துவிடும்.

சங்கக் கூட்டத்தின் தீர்மான நகலை இணைத்து, தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டு, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்ப வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால், அதே சட்டத்தின் 31ஆம் பிரிவின்கீழ் வீடு வாங்கியோர் சங்கமே ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வீட்டை ஒப்படைத்த கடிதத்தில் உள்ள தேதியை ஒவ்வொரு சங்கமும் இன்றே எடுத்துப் பார்க்கட்டும். ஐந்தாண்டுக் கணக்கு ஓடுவது அந்தத் தேதியிலிருந்துதான்.