எச்.டி.ஆர். வந்ததும் படம் ஏன் மங்குகிறது?

புதிதாக 43 அங்குல 4கே டிவி வாங்கிய வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. சாதாரண சேனல் பார்க்கும்போது படம் பளிச்சென்று இருக்கிறது. ஓடிடியில் ஒரு புதுப் படத்தைப் போட்டதும் திரையின் மூலையில் எச்.டி.ஆர். என்ற எழுத்து வந்து மறைகிறது, அடுத்த நொடி படமே மங்கிப்போகிறது. முகங்கள் இருண்டு கிடக்கின்றன. இரவுக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரிவதில்லை. நல்ல படத்துக்காகக் கூடுதல் பணம் கொடுத்தவருக்கு இது பெரிய ஏமாற்றம்தான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் டிவி பழுதாகவில்லை. தன்னிடம் சொல்லப்பட்ட வெளிச்ச அளவை அது அப்படியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மெழுகுவர்த்தி அளவு ஒளி நம்மை நோக்கி வந்தால் அது ஒரு நிட். பழைய முறையில், அதாவது எஸ்.டி.ஆரில், ஸ்டூடியோவில் நிறம் சரிசெய்யும் கலரிஸ்ட் 100 நிட் வெளிச்சம் தரும் மானிட்டரில் பார்த்துப் படத்தை முடிப்பார். படத்தின் மிக வெளிச்சமான வெள்ளை அந்த 100. ஆனால் அந்தக் கணக்கு நம் வீட்டுக்கு வருவதில்லை. சிக்னலில் இருப்பது "இது முழு வெள்ளை, இது அதில் பாதி" என்ற விகிதம் மட்டுமே. முழு வெள்ளையை எத்தனை நிட்டில் காட்டுவது என்பது டிவியின் விருப்பம்.

எச்.டி.ஆரில் இந்த ஏற்பாடே வேறு. எச்.டி.ஆர்.10, டால்பி விஷன், எச்.டி.ஆர்.10 பிளஸ் ஆகிய மூன்றும் பி.க்யூ. என்ற கணக்கு முறையின் மேல் நிற்பவை. அதில் சிக்னலின் ஒவ்வொரு எண்ணுக்கும் இத்தனை நிட் என்ற திட்டமான அளவு உண்டு. பத்திரிகைச் சமையல் குறிப்பில் "உப்பு தேவையான அளவு" என்று போடுவதற்கும் "உப்பு 5 கிராம்" என்று போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. பி.க்யூ. 10,000 நிட் வரை பேச வல்லது. படங்களைப் பெரும்பாலும் 1,000 நிட் மானிட்டரிலும், சிலவற்றை 4,000 நிட் மானிட்டரிலும் முடிக்கிறார்கள். கண்ணுக்கு இருட்டில்தான் நுட்பமான வேறுபாடுகள் அதிகம் தெரியும் என்பதால், மொத்த எண்களில் ஏறக்குறைய பாதியை 100 நிட்டுக்குக் கீழே உள்ள பகுதிக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். படிகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1,024. மாலை வானம் பட்டை பட்டையாகத் தெரியாமல் வழுவழுவென்று மாறுவது இதனால்தான்.

மங்கல் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு காட்சியை வைத்துக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அதிகபட்சம் 300 நிட் தரும் டிவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலை குறைந்த 4கே டிவிகள் பலவும் இந்த அளவைச் சுற்றித்தான் இருக்கின்றன. மேசை விளக்கின் அருகே ஒருவர் உட்கார்ந்திருக்கும் காட்சி. எஸ்.டி.ஆரில் கலரிஸ்ட் அவர் முகத்தை 20 நிட்டில் வைத்தார் என்று கொள்வோம். ஸ்டூடியோவின் 100 நிட் வெள்ளையை நம் டிவி 300 ஆக உயர்த்திக் காட்டுவதால் முகமும் 60 நிட்டுக்கு ஏறிவிடுகிறது. பகலில், ஜன்னல் திறந்திருக்கும் கூடத்தில்கூட அது தெளிவாகத் தெரியும்.

அதே காட்சியின் எச்.டி.ஆர். பதிப்பில் முகம் 25 நிட், சட்டையின் வெள்ளை 150 நிட், விளக்கு 800 நிட். முகத்தைப் பார்த்தீர்களா? ஸ்டூடியோ அளவில் அது பெரிதாக மாறவில்லை. எச்.டி.ஆரின் நோக்கம் படம் முழுவதையும் வெளிச்சமாக்குவதன்று. முகமும் சுவரும் இருந்த இடத்திலேயே இருக்க, விளக்கும் வெயில்பட்ட மேகமும் தண்ணீரின் மினுக்கமும் மட்டும் நிஜத்தைப் போல எகிற வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் நம் டிவி முகத்தை இப்போது 25 நிட்டில் காட்டுகிறது. பழக்கப்பட்ட 60 எங்கே, இந்த 25 எங்கே! அதற்கு ஈடாகக் கிடைத்திருக்க வேண்டிய 800 நிட் விளக்கை இந்த டிவியால் தரவும் முடியாது. 300 உடன் நின்றுவிடுகிறது. இழப்பு முழுசாக வருகிறது, லாபம் வருவதேயில்லை.

இன்னொன்றும் சேர்கிறது. 800 நிட் விளக்கை 300 நிட் திரைக்குள் எப்படி அடக்குவது? 300க்கு மேல் உள்ளதையெல்லாம் வெட்டிவிட்டால் விளக்கும் மேகமும் விவரமில்லாத வெள்ளைத் திட்டாகிவிடும். அதனால் டிவி மேல்பகுதியை அழுத்திச் சுருக்குகிறது. இதற்கு டோன் மேப்பிங் என்று பெயர். எந்த இடத்திலிருந்து அழுத்தத் தொடங்குவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில டிவிகள் நடுத்தர வெளிச்சத்தையும் சேர்த்துக் கீழே தள்ளிவிடுகின்றன. எச்.டி.ஆர்.10 படத்துக்கு ஒரே ஒரு குறிப்புதான் வரும்: "இந்தப் படம் இத்தனை நிட் மானிட்டரில் முடிக்கப்பட்டது, இதன் உச்சம் இவ்வளவு." அந்தக் குறிப்பில் 4,000 என்று இருந்தால், விளக்கே இல்லாத அறைக் காட்சியைக்கூட 4,000க்குத் தயாராக இருப்பது போல டிவி சுருக்கக்கூடும். டால்பி விஷனும் எச்.டி.ஆர்.10 பிளஸும் காட்சிக்குக் காட்சி தனிக் குறிப்பு அனுப்புகின்றன. வெளிச்சம் குறைந்த டிவியில் இவற்றின் பயன்தான் நிஜமாகவே தெரியும்.

அறையும் ஒரு காரணம். கலரிஸ்ட் வேலை செய்தது ஏறத்தாழ இருட்டான அறையில். அங்கே 25 நிட் முகம் தாராளமாகத் தெரியும். டியூப்லைட் எரியும் கூடத்தில் திரையில் விழும் பிரதிபலிப்பே அந்த முகத்தோடு போட்டி போடும்.

டிவி பெட்டியில் எச்.டி.ஆர். என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அந்த எழுத்துக்கு, இந்த டிவி எச்.டி.ஆர். சிக்னலை வாங்கிப் புரிந்துகொள்ளும் என்பதற்கு மேல் அர்த்தமில்லை. 2016இல் யு.எச்.டி. அலையன்ஸ் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு தன் உயர்தர முத்திரைக்கு வைத்த அளவு என்ன தெரியுமா? எல்.சி.டி. வகையானால் உச்சம் 1,000 நிட்டுக்குக் குறையாமல், கறுப்பு 0.05 நிட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும். ஓஎல்இடி வகையானால் உச்சம் 540 நிட் போதும், கறுப்பு 0.0005க்குள். அதாவது உச்சத்தைப் போலவே அடியும் முக்கியம். எல்.சி.டி. திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு முழுத்திரைக்கும் ஒரே அளவாக இருந்தால், மேசை விளக்கைக் காட்டுவதற்காக அதை முழுசாக ஏற்றும்போது பக்கத்து இருட்டும் சாம்பல் நிறமாகிவிடும். லோக்கல் டிம்மிங் உள்ள டிவி பின்விளக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இருட்டான பகுதியில் மட்டும் குறைக்கும்.

டிவியிலேயே உள்ள ஆப்பில் பார்த்தால் ஒயர் பற்றிய கவலையே இல்லை. தனிப் பெட்டியோ, கேம் கன்சோலோ, 4கே ப்ளூ-ரே பிளேயரோ வைத்திருப்பவர்களுக்குத்தான் எச்.டி.எம்.ஐ. பிரச்சினை. எச்.டி.ஆர். குறிப்பை அனுப்பும் வசதி எச்.டி.எம்.ஐ. 2.0ஏ பதிப்பில், 2015இல் வந்தது. நடுவில் சவுண்ட்பாரோ ஆம்ப்ளிஃபயரோ இருந்தால் அதுவும் அந்தக் குறிப்பைக் கடத்திவிட வேண்டும். சினிமாவுக்கும் பெரும்பாலான பெட்டிகளுக்கும் 18 ஜிகாபிட் தாங்கும் பிரீமியம் ஹைஸ்பீட் ஒயர் போதும். 4கேயில் நொடிக்கு 120 பிரேம் விளையாடுகிறவர்களுக்கு மட்டும் 48 ஜிகாபிட் அல்ட்ரா ஹைஸ்பீட் வேண்டும். தங்க முலாம் பூசிய விலை உயர்ந்த ஒயர் படத்தை வெளிச்சமாக்காது. ஒயர் தாங்கவில்லை என்றால் திரையில் வெள்ளைப் பொட்டுகள் மின்னும், அல்லது படம் சில நொடி கறுத்துத் திரும்பும். மங்கலுக்கு ஒயர் காரணமாக இருப்பது அபூர்வம்.

எச்.டி.ஆர். எழுத்தே வரவில்லை என்றால் டிவியின் செட்டிங்கைப் பாருங்கள். பல டிவிகளில் எச்.டி.எம்.ஐ. துளை பழைய வேகத்திலேயே வைக்கப்பட்டிருக்கும். சாம்சங்கில் Input Signal Plus, எல்ஜியில் HDMI Deep Colour, சோனியில் Enhanced format என்ற பெயரில் இருப்பதை அந்தத் துளைக்கு இயக்க வேண்டும். படமும் எச்.டி.ஆரில் வெளியாகியிருக்க வேண்டும், சந்தாவும் அதைத் தர வேண்டும். நெட்பிளிக்ஸில் பிரீமியம் திட்டத்துக்கு மட்டுமே அது உண்டு, 4கேக்கு 15 மெகாபிட் வேகமும் வேண்டும் என்கிறார்கள்.

மங்கலையும் வெளிறலையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நிறமே வடிந்து சாம்பல் பூத்தது போலப் படம் இருந்தால், எச்.டி.ஆர். சிக்னலை டிவி சாதாரண சிக்னலாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது செட்டிங் கோளாறு. சாதாரண சீரியலே மங்கினால் பெட்டியைச் சந்தேகியுங்கள். ஃபயர் டிவியில் Always HDR என்று வைத்திருந்தால் அது எல்லாவற்றையும் எச்.டி.ஆராக மாற்றி அனுப்பும். Adaptive என்று மாற்றினால் எச்.டி.ஆர். படத்துக்கு மட்டும் எச்.டி.ஆர். போகும்.

நிறம் சரியாக இருந்து வெளிச்சம் மட்டும் குறைவென்றால், எச்.டி.ஆர். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டிங்குக்குள் போக வேண்டும். ஏனென்றால் எச்.டி.ஆருக்கான அளவுகளை டிவி தனியாக நினைவில் வைத்திருக்கும், சேனல் ஓடும்போது மாற்றியது இங்கே செல்லாது. முதலில் மின்சேமிப்பையும் அறை வெளிச்ச சென்சாரையும் நிறுத்துங்கள். நான் பார்த்த வீடுகளில் பெரிய மாற்றம் தந்தது இதுதான். பிறகு பின்விளக்கு முழு அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே முழுசாகத்தான் இருக்கும், அதற்கு மேல் ஏற்ற இடமிருக்காது. டைனமிக் டோன் மேப்பிங் என்ற வசதி இருந்தால் இயக்குங்கள். கலரிஸ்ட் வைத்த அளவிலிருந்து அது கொஞ்சம் விலகும், ஆனாலும் முகம் மேலே வரும். டால்பி விஷனில் டார்க், பிரைட் என இரண்டு இருந்தால் பகலில் பிரைட்டை எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 300 நிட் டிவி 300 நிட்தான். பகலில் அதில் எச்.டி.ஆரை நிறுத்திவிட்டு எஸ்.டி.ஆரில் பார்ப்பதில் எந்தக் குறையும் இல்லை, பெட்டியின் செட்டிங்கில் அதற்கு வழி இருக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்ப இயக்கிக்கொள்ளலாம். புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்க வேண்டியவை இரண்டு: உச்ச வெளிச்சம் எத்தனை நிட், லோக்கல் டிம்மிங் இருக்கிறதா. எல்.சி.டி. டிவியில் உச்சம் 500, 600க்குக் கீழே இருந்து லோக்கல் டிம்மிங்கும் இல்லையென்றால், எச்.டி.ஆர். என்ற எழுத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.