நன்றி சொல்ல நாலு வரி

முன்னாள் மாணவர் சங்க விழா முடிந்த மறுநாள், குரூப் போட்டோவுக்குக் கீழே போடும் குறிப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'விழா இனிதே நடந்தது, அனைவருக்கும் நன்றி' என்றால் யாருக்குமே நன்றி சொன்னதாகாது. இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்துகள் வரை இடமுண்டு. ஆனால் தட்டிப் பார்க்காமலே கண்ணில் படுவது முதல் ஓரிரு வரிதான். அங்கே தலைவர், செயலாளர் பட்டியல் உட்கார்ந்துவிட்டால், பணம் கொடுத்தவரும் பாடுபட்டவரும் அடியில் மறைந்துபோவார்கள்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "ஞாயிறு மதியப் பந்தி 1994 செட் நண்பர்களின் உபயம். பந்தல் செலவு கடைவீதி ஜவுளிக்கடைக்காரருடையது. விடியற்காலையில் நாற்காலி போட்டு, கடைசியில் எச்சில் இலை எடுத்த தம்பி தங்கைகளுக்குத் தனி வணக்கம். அடுத்த ஆண்டு மே முதல் ஞாயிறு, இதே மைதானம். உங்கள் செட்டில் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள்."

ஜவுளிக்கடைக்காரரின் பெயரையும் போடலாம். தொகையை மட்டும் போட வேண்டாம். ஐந்நூறு கொடுத்தவர் ஐம்பதாயிரத்துக்குப் பக்கத்தில் கூசிப்போவார். மைதானத்துக்கு அனுமதி கிடைக்கவில்லையென்றால் தேதியை விட்டுவிட்டு மாதத்தோடு நிறுத்துங்கள். இனிஷியல் மாறினாலே மனக்கசப்பு வரும். பதிவேற்றும் முன் பொருளாளரிடம் கொடுத்து, ரசீதுப் புத்தகத்தோடு பெயர்களை ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.