செலவுக்குக் கொடுத்ததா, ஃபீஸாகக் கொடுத்ததா?

வழக்கு நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் பழக்கமான ஒரு போன் அழைப்பு உண்டு. “அடுத்த வாய்தாவுக்குக் கொஞ்சம் செலவு இருக்கு, ஐயாயிரம் போட்டுவிடுங்க” என்பார் வக்கீலின் குமாஸ்தா. நாமும் போட்டுவிடுவோம். எதற்கென்று கேட்பதில்லை, ரசீதும் வாங்குவதில்லை. ஒன்றரை வருடம் கழித்து, பேசிய தொகைக்கு மேல் இன்னொரு பெரிய தொகை கேட்கும்போதுதான் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பிக்கிறோம். அப்போது வாயில் வருவது, “பேசினதைவிட அதிகமா வாங்கிட்டீங்க” என்ற குற்றச்சாட்டு. வக்கீலிடம் அதற்குப் பதில் தயாராக இருக்கும்: “எவ்வளவு வேலை பார்த்திருக்கேன் தெரியுமா?” பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. கொடுத்த பணத்தில் எவ்வளவு ஃபீஸ், எவ்வளவு செலவு என்று கேட்க வேண்டும். இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் இந்த இடத்தில் கட்சிக்காரருக்குச் சாதகமாகத் தெளிவாக இருக்கின்றன. கட்சிக்காரர் ஒப்படைத்த பணத்துக்கு, வரவும் செலவும் தேதியோடு தெரியும்படி வக்கீல் கணக்கு வைக்க வேண்டும் என்கிறது 25ஆம் விதி. வாங்கிய தொகை ஃபீஸுக்கா செலவுக்கா என்று கணக்கில் குறிக்க வேண்டும், வழக்கு நடக்கும் காலத்தில் செலவுப் பணத்தைக் கட்சிக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் ஃபீஸாக மாற்றிக்கொள்ளக் கூடாது என்கிறது 26ஆம் விதி. கணக்கின் நகலைக் கேட்டால், நகல் எடுக்கும் செலவை வாங்கிக்கொண்டு கொடுத்தாக வேண்டும் என்பது 30ஆம் விதி. எவ்வளவு ஃபீஸ் வாங்கலாம் என்று இந்த விதிகள் உச்சவரம்பு வைக்கவில்லை. ஆனால் வாங்கியதற்குக் கணக்குக் காட்டாமல் இருக்க இடம் கொடுக்கவில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நடைமுறையில் பார்ப்பதை வைத்து நானே அமைத்த உதாரணம் இது. புரோநோட்டுக் கடன் ஆறு லட்சத்தை வசூலிக்க ஒருவர் சிவில் வழக்குப் போடுகிறார். வழக்குக்கு மொத்த ஃபீஸ் 60,000 ரூபாய். தாக்கல் செய்யும்போது 20,000, சாட்சி விசாரணை தொடங்கும்போது 20,000, வாதத்தின்போது 20,000. கோர்ட் ஃபீ, பேட்டா, டைப்பிங், நகல் செலவெல்லாம் தனி. இவ்வளவும் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் இருக்கிறது. நம் ஊரில் இந்த அளவு எழுத்தில் இருப்பதே பெரிய விஷயம்.

தாக்கலின்போது 45,000 கொடுக்கிறார். ஃபீஸ் 20,000, செலவுக்கு 25,000. விசாரணை தொடங்கியதும் 20,000. பிறகு குமாஸ்தா கேட்டபோதெல்லாம் ஐந்தைந்தாயிரமாக மூன்று முறை செலவுக்கு. ஆக 80,000. குறுக்கு விசாரணை இன்னும் முடியவில்லை, வக்கீல் மேலும் 40,000 கேட்கிறார்.

இதுவரை சேர வேண்டிய ஃபீஸ் 40,000. தமிழ்நாட்டில் 2017இல் இந்த வகை வழக்குகளுக்கான கோர்ட் ஃபீ ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டது. அதன்படி ஆறு லட்சத்துக்கு 18,000. எதிரிக்குச் சம்மன் அனுப்பும் பேட்டா, டைப்பிங், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 3,500 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 61,500. அப்படியானால் வக்கீல் கையில் செலவாகாத கட்சிக்காரர் பணம் 18,500 இருக்கிறது. புகாரை இந்தத் தொகையில் தொடங்கினால் அதற்குக் கால் இருக்கும்.

வக்கீல் பக்கமும் ஒரு நியாயம் இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். தீர்ப்புக்கு முன்பே எதிரியின் சொத்தை ஜப்தி செய்யக் கேட்ட ஐ.ஏ. மனுவில் உத்தரவு கிடைத்து, அதை எதிர்த்து எதிரி உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டிருக்கிறார். அதற்கு நம் கட்சிக்காரர் தனியாக வக்காலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முதலில் பேசியது கீழ்க்கோர்ட் வழக்குக்குத்தான். மேல்கோர்ட்டு வேலைக்குத் தனி ஃபீஸ் கேட்பதில் தப்பில்லை. அதைப் பேசாமலே விட்டதுதான் தப்பு, அதில் இருவருக்கும் பங்கு உண்டு. அந்த வேலைக்கு 15,000 என்று ஒத்துக்கொண்டு, கையிருப்பிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தால், 3,500 மிச்சம். வாதத்தின்போது தர வேண்டியது 16,500தான். நாற்பதாயிரம் எங்கே, பதினாறாயிரத்து ஐந்நூறு எங்கே!

இனி கடிதம். கோபம் இல்லாமல், ஒரே பக்கத்தில் இருந்தால் போதும்:

“மதிப்பிற்குரிய ஐயா, மேற்படி ஓ.எஸ். வழக்கில் தாங்கள் எனக்காக ஆஜராகி வருகிறீர்கள். நாம் பேசிக்கொண்ட ஃபீஸ் விவரத்தையும், நான் இதுவரை தேதிவாரியாகக் கொடுத்த 80,000 ரூபாயின் பட்டியலையும் இணைத்துள்ளேன். இதில் ஃபீஸில் வரவு வைத்தது எவ்வளவு, செலவு எவ்வளவு, எந்தத் தேதியில் எதற்கு, இப்போது கையிருப்பு எவ்வளவு என்று இனம்வாரியாகக் கணக்கு தரும்படி பார் கவுன்சில் விதிகள் 25, 26, 30இன்படி கேட்டுக்கொள்கிறேன். தற்போது கேட்கும் 40,000 எந்த வேலைக்கு என்பதையும் அதில் குறிப்பிட வேண்டுகிறேன். நகல் செலவைத் தருகிறேன். 15 நாட்களுக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.”

நேரில் கொடுத்தால் நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட். தேதி, தொகை பட்டியலுக்கு யு.பி.ஐ. விவரமும் பேங்க் ஸ்டேட்மெண்டும் கைகொடுக்கும். கோர்ட் வளாகத்தில் ரொக்கமாகக் கொடுத்ததை மறுத்தால், நிரூபிப்பது கஷ்டம்.

வரும் கணக்கைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் ஒவ்வொரு வாய்தாவும் அன்று என்ன நடந்தது என்பதும் தெரியும். நீதிபதி விடுப்பு என்று தள்ளிவைத்த நாளுக்கும் ஆஜர் கட்டணம் போட்டிருந்தால், அப்படிப் பேசியிருந்தோமா என்று கேட்கலாம். தனிநபரின் சொந்த வழக்குக்கு ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி இருந்தால் அதையும் கேளுங்கள். வியாபார நிறுவனம் அல்லாத கட்சிக்காரருக்கு வக்கீல் செய்யும் சேவைக்கு விலக்கு உண்டு.

கணக்கே வரவில்லை என்றால்? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல்கள் சட்டம் 35ஆம் பிரிவில் மாநில பார் கவுன்சிலிடம் புகார் தரலாம். “ஃபீஸ் ஜாஸ்தி” என்று மட்டும் எழுதினால், இது பண விவகாரம் என்று ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். கணக்குக் கேட்ட கடிதம், ஒப்புகை, பதில் வராத விவரம், செலவுப் பணம் ஃபீஸாக மாறியது ஆகியவற்றை வைத்து எழுதினால் அது நடத்தை மீறல் பற்றிய புகார்.

வழக்குக் கட்டை வக்கீல் பிடித்து வைத்துக்கொண்டால் அது தனிக் குற்றச்சாட்டு. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ஆர்.டி. சக்சேனா வழக்கில் தீர்த்துவிட்டது. பாக்கி உண்மையிலேயே இருந்தால் வக்கீல் வழக்குப் போட்டு வசூலிக்கலாம், அந்த உரிமை அவருக்கு உண்டு. வேறு வக்கீலுக்கு மாறும்போது பழையவர் ‘நோ அப்ஜெக்ஷன்’ எழுதித் தர மறுத்தாலும், கோர்ட்டில் மனுப் போட்டு அனுமதி வாங்கிக்கொள்ளலாம்.

பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பெயரையே பட்டியலிலிருந்து நீக்கலாம். அது பாக்கி வசூலிக்கும் கோர்ட் அல்ல. கூடுதலாகப் போன பணத்தைச் சட்டப்படி வசூலிக்கத் தனி சிவில் வழக்குத்தான் போட வேண்டும், மூன்று வருடக் கெடுவுக்குள். பதினெட்டாயிரத்து ஐந்நூறுக்காக யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். பெரும்பாலும் அந்த ஒரு பக்கக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் நடக்கும்; அப்படி முடியும்போது, ஒத்துக்கொண்ட கணக்கின் கீழ் இருவரும் கையெழுத்துப் போட்டு ஒரு நகலை வாங்கி வந்துவிட வேண்டும்.