“பார்த்துட்டேன், ஓகே” என்று முடிந்துவிடாத ஒரு மெயில்

மாதம் பிறந்ததும் கணக்குப் பிரிவுகளில் ஒரே வார்ப்பில் மெயில்கள் பறக்கத் தொடங்கும். “சார், சாலரி ஷீட் முடிச்சாச்சு. அட்டாச் பண்ணியிருக்கேன். ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க.” மதியத்துக்குள் பதில் வந்துவிடும்: “பார்த்துட்டேன், ஓகே.”

எதைப் பார்த்தார்? ஃபைலைத் திறந்திருப்பார். மொத்தத் தொகை போன மாதத்தை ஒட்டி இருக்கிறதா என்று கண்ணை ஓட்டியிருப்பார். தன் பெயருக்கு நேரே உள்ள எண்ணைக் கட்டாயம் பார்த்திருப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்து ஷீட்டுகளில் நாலாயிரம் செல்கள் இருக்கும் ஃபைலில் எங்கே தொடங்குவது, எதைத் தேடுவது என்று மெயிலில் ஒரு வார்த்தைகூட இல்லை.

இதையே வேறு மாதிரி எழுதினால் என்ன ஆகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். திருப்பூரில் 86 பேர் வேலை பார்க்கும் ஒரு பின்னலாடைத் தொழிற்கூடம் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் மாதச் சம்பள ஃபைலை முடித்த இளம் கணக்கர், தன் பிரிவின் மூத்தவருக்கு இப்படி எழுதுகிறார்:

“வணக்கம் சார்,

ஆகஸ்ட் சம்பள ஃபைல் முடிந்துவிட்டது. பொது ஃபோல்டரில் Salary_Aug_v3.xlsx என்ற பெயரில் இருக்கிறது. உங்கள் பதில் வரும்வரை நான் அதில் கை வைக்க மாட்டேன். 5ஆம் தேதி மாலைக்குள் சொன்னீர்கள் என்றால் 7ஆம் தேதி சம்பளம் போட்டுவிடலாம்.

மொத்தம் ஐந்து ஷீட்டுகள். Settings ஷீட்டில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. விகிதங்களும் உச்சவரம்புகளும் இருக்கின்றன. Master ஷீட்டில் ஆட்களின் விவரம், Attendance ஷீட்டில் கைரேகை மெஷினிலிருந்து இறக்கிய வருகைப் பதிவு. Salary ஷீட் முழுக்க ஃபார்முலாதான். I பத்தியில் உள்ள அட்வான்ஸ் பிடித்தம் மட்டும் கையால் போட்டது. Bank ஷீட் வங்கிக்குப் போவது. Master, Attendance இரண்டையும் எச்.ஆர். சரிபார்த்துவிட்டார்கள், நீங்கள் பார்க்க வேண்டாம்.

Salary ஷீட்டில் நான்காவது வரியின் முக்கிய ஃபார்முலாக்கள் இவை. இதையேதான் 89ஆவது வரிவரை இழுத்திருக்கிறேன்.

```
C4: =VLOOKUP(A4,Attendance!$A$4:$AH$89,34,FALSE)
G4: =ROUND(MIN(D4,Settings!$B$2)*Settings!$B$3,0)
H4: =IF(F4<=Settings!$B$4,ROUNDUP(F4*Settings!$B$5,0),0)
```

C என்பது சம்பள நாட்கள். G என்பது பி.எஃப்.; அடிப்படைச் சம்பளத்தில், 15,000 ரூபாய் உச்சவரம்புக்குள், 12 சதவீதம். H என்பது இ.எஸ்.ஐ.; மொத்தச் சம்பளம் 21,000க்குள் இருப்பவர்களுக்கு 0.75 சதவீதம், அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றியது.

மூன்று பேரைச் சோதித்துப் பாருங்கள். T014: அடிப்படை 12,000, படிகள் 4,000, முழு வருகை. பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 120, கைக்கு 14,440 வர வேண்டும். T033: அடிப்படை 18,000, படிகள் 2,500, முழு வருகை. பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 154, கைக்கு 18,546. T052: அடிப்படை 13,000, படிகள் 11,000, 26 நாளில் 16 நாள்தான் வந்திருக்கிறார். இவருக்கு என் விடையைச் சொல்லவில்லை. ஃபைலைத் திறக்கும் முன் நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள்.”

பார்க்கச் சாதாரணமான மெயில்தான். ஆனால் இதைப் படித்தவருக்கு ஃபைலைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

முதலில் அந்த ஷீட் பட்டியல். எது ஃபார்முலா, எது கையால் போட்டது என்று பிரித்துச் சொன்னதுதான் அதன் உண்மையான பயன். சம்பளப் பட்டியலில் வழக்கமாக நடப்பது இது: யாரோ ஒருவருடைய தொகை சரியாக வரவில்லை, அவசரத்தில் ஃபார்முலாவின் மேலேயே எண்ணைத் தட்டிவிடுவார்கள். அந்த மாதம் சரியாகிவிடும். ஃபைலை நகலெடுத்து அடுத்த மாதம் பயன்படுத்தும்போது அந்த எண் அப்படியே உட்கார்ந்திருக்கும். Salary ஷீட்டில் I பத்தியைத் தவிர எல்லாம் ஃபார்முலா என்று மெயில் சொல்லிவிட்டதால், மூத்தவர் அதைச் சோதிப்பது எளிது. C4 முதல் J89 வரை தேர்ந்தெடுத்து, F5 அழுத்தி, Special என்பதில் Constants கொடுத்தால் எக்செல் கையால் தட்டிய செல்களை மட்டும் காட்டும். I பத்திக்கு வெளியே ஒரு செல் ஒளிர்ந்தாலும் அங்கே கேள்வி இருக்கிறது.

அடுத்து, ஃபார்முலாவுக்குப் பக்கத்தில் தமிழில் எழுதிய விளக்கம். பலர் இதை மிகை என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் பிழை பிடிபடுவது இங்கேதான். ஃபார்முலா என்ன செய்கிறது என்பதை எக்செல்லே காட்டிவிடும். எழுதியவர் என்ன செய்ய நினைத்தார் என்பது அவர் சொன்னால்தான் தெரியும். C4 ஃபார்முலாவின் கடைசியில் இருக்கும் FALSE-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது விட்டுப்போனால் VLOOKUP, பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்டப் பொருந்தும் வரியைத் தேடும். ஆட்களின் எண்கள் கலைந்து கிடந்தால் ஒருவருடைய வருகை நாட்கள் இன்னொருவருக்குப் போகலாம். பெரும்பாலும் #N/A என்ற எச்சரிக்கைகூட வராது, நம்பும்படியான ஓர் எண்ணே வரும்.

இந்த மெயிலில் C4 சரியாகத்தான் இருக்கிறது. தவறு H4-இல்.

இ.எஸ்.ஐ. நடைமுறை தெரிந்த மூத்தவர் “மொத்தச் சம்பளம் 21,000க்குள் இருப்பவர்களுக்கு” என்ற வரியிலேயே நின்றுவிடுவார். எந்த மொத்தச் சம்பளம்? பேசிய மாதச் சம்பளமா, அந்த மாதம் வந்த நாட்களுக்குக் கிடைத்த சம்பளமா? T052-க்குத் தாளில் கணக்குப் போடுகிறார். அவருடைய மாதச் சம்பளம் 24,000. எனவே அவர் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரவே இல்லை, பிடித்தம் பூஜ்யம். ஃபைலைத் திறந்தால் 111 ரூபாய் பிடித்திருக்கிறது. 16 நாளுக்கு அடிப்படை 8,000, படிகள் 6,769, ஆக 14,769. இந்தத் தொகை F4 மாதிரியான செல்லில் இருப்பதால், 21,000க்குக் கீழ் என்று ஃபார்முலா முடிவு கட்டிவிட்டது.

இதே ஃபார்முலா மறுபக்கமும் தவறும். இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலத்தின் நடுவில் ஒருவருடைய சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். ஜூலை வரை 20,500 வாங்கியவருக்கு ஆகஸ்டில் 21,800 ஆக்கினால், ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் 164 ரூபாய் பிடிக்க வேண்டும், அக்டோபரில்தான் நிற்கும். இந்த ஃபார்முலா ஆகஸ்டிலேயே பூஜ்யம் போட்டுவிடும். தொகை சிறியது. ஆனால் பிடிக்காமல் விட்ட பங்கைப் பின்னால் தொழிலாளியிடம் வசூலிக்க முடியாமல் நிறுவனமே கட்ட வேண்டி வரலாம்.

மூத்தவரின் பதிலில் திருத்தம் இப்படி வருகிறது: யார் வரம்புக்குள் இருக்கிறார் என்பதைச் சம்பள எண்ணை வைத்து ஃபார்முலா தீர்மானிக்க வேண்டாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும், இடையில் புதிதாகச் சேருபவருக்குச் சேரும்போதும், Master ஷீட்டின் ஆறாவது பத்தியில் Y அல்லது N என்று குறித்துவிடலாம்.

```
=IF(VLOOKUP(A4,Master!$A$4:$F$89,6,FALSE)="Y",
 ROUNDUP(F4*Settings!$B$5,0),0)
```

T014-உம் T033-உம் முதல் பார்வையிலேயே சரியாக வந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். முழு மாதம் வந்த, வரம்புக்கு உள்ளேயே இருக்கிற ஆளை எந்த ஃபார்முலாவும் சரியாகக் கணக்கிட்டுவிடும். விளிம்பில் நிற்பவர்தான் சோதனைக்கு உகந்தவர்: வரம்பைத் தாண்டியவர், பாதி மாதம் வராதவர், நடுவில் சேர்ந்தவர். விடையை மறைத்துக் கேட்டதும் நல்ல யோசனை. விடை கண்ணெதிரே இருந்தால், கை தானாக அதை நோக்கியே கணக்குப் போடும்.

மெயிலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அது மொத்தம் பற்றியது. பலரும் Salary ஷீட்டின் மொத்தத்தையும் Bank ஷீட்டின் மொத்தத்தையும் கழித்து, பூஜ்யம் வந்தால் நிம்மதி அடைவார்கள். இரண்டிலும் `=SUM(J4:J89)` போன்ற ஃபார்முலாவே இருந்து, 90ஆவது வரியில் புதிதாக ஒரு தொழிலாளியைச் சேர்த்திருந்தால்? இரண்டு மொத்தமும் அவரை ஒரே மாதிரி விட்டுவிடும். வித்தியாசம் பூஜ்யமாகவே வரும். Attendance ஷீட்டில் எத்தனை பேர், மொத்தத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று தலைகளை எண்ணி ஒப்பிட்டால்தான் அவர் விட்டுப்போனது தெரியும்.

எல்லை குறுகிய ஒரு ஃபார்முலா உலக அளவில் பேசப்பட்டதும் உண்டு. பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அரசுக் கடன் மிகுந்த நாடுகளில் வளர்ச்சி சரிகிறது என்றது. சிக்கன நடவடிக்கை வேண்டும் என்றவர்கள் அதை அடிக்கடி மேற்கோள் காட்டினார்கள். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அந்த எக்செல் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். 49ஆவது வரிவரை எடுக்க வேண்டிய சராசரி 44இல் நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தன. முடிவு மாறியதற்கு இது மட்டும் காரணம் அல்ல, தரவைத் தேர்ந்த விதமும் எடை கொடுத்த விதமும் இதைவிடப் பெரிய காரணங்கள். ஆனாலும் ஆசிரியர்கள் இந்த எக்செல் பிழையை ஒப்புக்கொண்டார்கள்.

இவ்வளவு சொன்னாலும் ஒரு வரம்பு உண்டு. ஸ்ப்ரெட்ஷீட் பிழைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஹவாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே பாங்கோ. பிழை புதைத்த ஷீட்டுகளைக் கொடுத்து அவர் நடத்திய சோதனையில், தனியாகப் பார்த்தவர்கள் 60 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் கண்டுபிடித்தார்கள். மூன்று பேர் குழுவாகப் பார்த்தபோது அது 80 சதவீதத்தைத் தாண்டியது. எனவே எவ்வளவு நல்ல மெயில் எழுதினாலும் ஒரே ஒருவரின் பார்வை போதாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பத்திகளை மட்டுமாவது இன்னொருவருக்கும் அனுப்பலாம்.

அதற்கு நாள் வேண்டும். சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகையை 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆகவே, சரிபார்க்கக் கேட்கும் மெயிலை 6ஆம் தேதி இரவுவரை தள்ளிப்போடாமல் 3ஆம் தேதியே அனுப்பிவிடுங்கள்.