டயரில் எதற்குப் பொட்டு?

புது டயரின் பக்கச்சுவரில் சில சமயம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஒரு சிறு பொட்டு இருக்கும். தொழிற்சாலையில் தெறித்த பெயின்ட் என்று நினைத்துத் துடைத்துவிட வேண்டாம். ரிம்மில் எந்தப் பக்கமாகத் திருப்பி மாட்ட வேண்டும் என்று டயரைச் செய்தவர்கள் சொல்லி அனுப்பும் குறிப்பு அது.

ரப்பர், துணி, எஃகுக் கம்பி என்று அடுக்கடுக்காகச் சுற்றித்தான் டயர் உருவாகிறது. ஒவ்வொரு அடுக்கின் இரு முனைகளும் ஓரிடத்தில் ஒட்டப்படுகின்றன. அதனால் எந்த டயரும் சுற்றிலும் ஒரே எடையாகவோ கச்சிதமான வட்டமாகவோ அமைவதில்லை. டயரின் எடை குறைந்த இடத்தை மஞ்சள் பொட்டு காட்டுகிறது. ரிம்மில் காற்றடிக்கும் வால்வு இருக்கும் பக்கம்தான் பொதுவாகக் கனமானது. காற்றழுத்த சென்சார் அங்கே பொருத்தப்பட்டிருந்தால் கனம் இன்னும் கூடும். ஆகவே மஞ்சள் பொட்டை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரிம் வால்வுப் பக்கம் 20 கிராம் கனம், டயர் பொட்டுப் பக்கம் 30 கிராம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் நேராக வைத்தால் மிஞ்சுவது 10 கிராம் வித்தியாசம்தான். பொட்டு வால்வுக்கு நேர் எதிரே போய்விட்டால் இரண்டும் கூடி 50 கிராம் ஆகிவிடும். அதே டயர், அதே ரிம்! பேலன்சிங் மெஷின் அளவுக்கு மீறி எடை கேட்டால், ரிம் வளைந்துவிட்டது என்று முடிவு கட்டுமுன் காற்றை இறக்கி டயரை அரைச்சுற்று திருப்பிப் பார்ப்பது நல்லது. பொட்டைப் பார்த்து மாட்டினாலும் பேலன்சிங் அவசியம்தான். ஒட்ட வேண்டிய எடைதான் குறையும்.

சிவப்புப் பொட்டின் சங்கதி வேறு. டயரைச் சாலையில் ஓடுவதுபோல அழுத்திச் சுழற்றும்போது எந்த இடம் அதிகம் எதிர்த்துத் தள்ளுகிறதோ, அங்கே அதை வைக்கிறார்கள். மேடான இடம் என்று புரிந்துகொள்ளலாம். இதை ஈயத்தால் சரிசெய்ய முடியாது. வழக்கமான பேலன்சிங் மெஷின் சக்கரத்தை அந்தரத்தில் சுழற்றுவதால், எடை சரியாக இருந்தால் பூஜ்யம் காட்டிவிடும். வண்டியோ வேகமெடுத்ததும் அதிரும். மேட்டை ரிம்மின் பள்ளத்தோடு சேர்ப்பதுதான் வழி. சில இரும்பு ரிம்களில் அந்தப் பள்ளமான இடத்துக்கு ஒரு குழியோ புள்ளியோ அடையாளமாக இருக்கும்.

இரண்டு பொட்டும் இருந்து, ரிம்மிலும் அந்த அடையாளம் இருந்தால் சிவப்புக்கே முதலிடம். அலாய் வீல்களில் பெரும்பாலும் அந்த அடையாளம் இருப்பதில்லை. அப்போது சிவப்பை விட்டுவிட்டு மஞ்சளை வால்வுக்கு நேராக வைக்கச் சொல்கிறது யோகோஹாமா நிறுவனம். மற்ற நிறுவனங்களின் குறியீடு மாறுபடலாம் என்பதால் அந்தந்த டயருக்கான குறிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த டயரில் பொட்டு அழியாமல் இருந்தாலும் அதை நம்பி மாட்டுவதில் பொருளில்லை. தேய்மானத்தில் எடை குறைந்த இடமும் மேடும் மாறியிருக்கும். மெஷினில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.