ஒரே மாலைக்கு இரண்டு ரசீது

கல்யாண மண்டபத்துக்கு நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை. பல மண்டபங்களில் முதல் நாள் மாலை மூன்று மணிக்குச் சாவி கொடுத்து, மறுநாள் மூன்று மணிக்குத் திரும்ப வாங்குவார்கள். இரட்டைப் பதிவு பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

ஆவணி முகூர்த்தத்தில் ஒரு கணக்கைப் பார்ப்போம். முதல் குடும்பத்துக்கு செப்டம்பர் 4 காலையில் தாலி கட்டு. மேலாளர் 4-ஆம் தேதிப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறார். அவர்களுக்கு 3-ஆம் தேதி மாலையும் சேர்ந்தே போகிறது. அடுத்த மாதம் இன்னொரு குடும்பம் வருகிறது: 3-ஆம் தேதி காலை கோயிலில் கல்யாணம், மாலை இங்கே வரவேற்பு. அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. முன்பணம் வாங்கி ரசீதும் போட்டாயிற்று.

தவறு தெரிந்ததும் மண்டபக்காரர் எழுதும் கடிதம் வழக்கமாக, "தவிர்க்க முடியாத காரணங்களால்..." என்று ஆரம்பிக்கும். படிக்கிற பெண் வீட்டாருக்கு, அதிக வாடகைக்கு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்றுதான் படும். பதிவேட்டில் நடந்ததை அப்படியே எழுதுவதே மேல்:

"செப்டம்பர் 3 மாலைக்கு உங்களிடம் முன்பணம் வாங்கினோம். ஆனால் 4-ஆம் தேதி முகூர்த்தத்துக்காக அதே மாலையை ஒரு மாதம் முன்பே வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தோம். முந்தைய பக்கத்தில் அதைக் குறிக்காதது எங்கள் பிழை. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. மன்னியுங்கள்."

முந்தைய ரசீதின் தேதியையும் சொல்லிவிட்டால், ஏன் அவர்களுக்கு மண்டபம், ஏன் நமக்கு இல்லை என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

அடுத்து ஈடு. வேறு தேதி தருகிறோம் என்பதில் பயனில்லை. காலையில் கோயிலில் கல்யாணம் முடிந்துவிடும், அழைப்பிதழும் ஊர் முழுக்கப் போயிருக்கும். அதே மாலைக்குப் பக்கத்திலேயே வேறு மண்டபத்தைப் பேசி வைத்துவிட்டுத்தான் கடிதம் எழுத வேண்டும். அங்கே பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம், சமையலறை எப்படி என்று எழுதுவது அவசியம். முந்நூறு பேர் உட்காரும் பந்தி நூற்றைம்பதாகச் சுருங்கினால் சமையல்காரரின் திட்டமே மாறிவிடும். வாடகை கூடுதலானால் அதை யார் கட்டுவது, அழைப்பிதழில் இடம் மாற்றி அச்சடிக்கும் செலவு யாருடையது, பழைய வாசலுக்கு வருகிறவர்களை அழைத்துப் போக வண்டி உண்டா, இதெல்லாம் ரூபாயோடும் தேதியோடும் இருக்கட்டும். மாற்று மண்டபம் பிடிக்காவிட்டால் முன்பணம் முழுவதும், அதில் பிடித்த ஜி.எஸ்.டி. உட்பட, எந்தத் தேதிக்குள் திரும்பும் என்பதும்.

கடிதத்தைத் தபாலில் போடுவது அவமரியாதையாகவே தெரியும். உரிமையாளரே போன் செய்துவிட்டு, நேரில் கொண்டுபோய்ப் பெரியவர் கையில் கொடுப்பதுதான் முறை. திட்டு விழும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சிலர் அந்த இடத்திலேயே, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துக் கேட்பார்கள். கோபத்தைக் கிளற இதைவிட வேறு வேண்டாம். சேவைக் குறைபாட்டுக்காக, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க அந்தக் குடும்பத்துக்கு வழி இருக்கிறது. கொடுத்த வாக்குப்படி பணமும் மாற்று மண்டபமும் கிடைத்தனவா என்று அங்கே பார்க்கும்போது, இந்தக் கடிதமே இரு தரப்புக்கும் ஆவணம்.